ஊதுபத்திக்குப் பெயர் வைக்கப் போய் நான் இழந்த 85,000 ரூபாய்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் ஊதுபத்தி தொழில் செய்கிறேன். மணமில்லாத கறுப்புப் பத்தியை மூட்டையாக வாங்கி, வாசனைக் காம்பவுண்டை டிஇபி என்கிற கரைப்பானில் கலந்து, அதில் நனைத்து, நிழலில் உலர்த்தி விற்கிறேன். முதல் நான்கு வருடம் பெயரே கிடையாது. அரைக் கிலோ பாலிதீன் கவரில் போட்டு, திருநெல்வேலி டவுணிலும் மேலப்பாளையத்திலும் உள்ள கடைகளுக்குக் கொடுப்பேன். அவர்கள் பிரித்து லூஸாக விற்பார்கள். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். பொருள் வாங்குவது, நனைப்பது, கடைகடையாக ஏறி இறங்குவது எல்லாம் நானும் உதவிக்கு வரும் இரண்டு பெண்களும்தான்.

ஐந்தாவது வருடம் சொந்தப் பெயரில் பெட்டி போட்டு விற்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பிராண்ட் பெயர், அதன் கீழே ஆறு வாசனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வாசனையைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம், பெயர் என்ன, ஒரு ராத்திரி உட்கார்ந்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஏழு மாதமும் கிட்டத்தட்ட 85,000 ரூபாயும் போயின. அதில் பாதிக்கு மேல் ஒரு வளையலை அடகு வைத்து எடுத்த பணம். அப்போது யாராவது என்னைப் பிடித்து உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வைத்த ஆறு பெயர்கள் இவை: பொதிகைமலைத் தென்றல், குற்றாலச் சாரல், முதல் மழை மண்வாசம், மார்கழி விடியல், மனோரஞ்சிதம், தாமிரபரணித் தாழம்பூ. நோட்டில் எழுதிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. எங்கள் ஊரையே பெட்டிக்குள் வைத்தது போல இருந்தது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குள் கடைகளில் வைத்துவிட வேண்டும் என்று அவசரம். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஒரு டிசைனுக்குக் குறைந்தது 5,000 பெட்டி அடிக்க வேண்டும் என்றார்கள். ஆறு டிசைன், 30,000 பெட்டி, ஒன்று 2 ரூபாய் 60 காசு. அரக்குச் சிவப்பு அட்டையில் பொன்னிற ஃபாயிலில் எழுத்து. மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான் மொபைலில் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓகே சொல்லிவிட்டேன். என் முதல் தப்பு அந்த ஓகேதான்.

பெட்டி வந்தது, பத்தி போட்டு அடைத்தோம். தேரோட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் ரதவீதியில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பூஜைப் பொருள் கடையில் ஆறு வாசனையிலும் இரண்டிரண்டு டஜன் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மொத்தமே ஒன்பது பெட்டிதான் போயிருந்தது. கடை அண்ணாச்சி நல்ல மனுஷர். என்னை உள்ளே கூப்பிட்டு, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்து, அலமாரியைக் காட்டினார். "ஏம்மா, இங்க நின்னு உன் சரக்கு எதுன்னு காட்டு பாப்போம்" என்றார். என்னால் காட்ட முடியவில்லை.

ஏன் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். என் பெட்டி சதுரக் குழல் மாதிரி இருக்கும், 24 சென்டிமீட்டர் நீளம். நான் பெயரை அந்த நீளப் பக்கத்தில் அழகாக, பெரிதாக அடித்திருந்தேன். ஆனால் கடையில் யாரும் ஊதுபத்திப் பெட்டியை நீளவாட்டில் காட்டி வைப்பதில்லை. இடம் போதாது. விறகு அடுக்குவது போல உள்ளே தள்ளி அடுக்குவார்கள். வெளியே தெரிவது மூடிப் பக்கம் மட்டும்தான், 25 மில்லிமீட்டருக்கு 25 மில்லிமீட்டர் சதுரம். அந்தச் சதுரத்தில் பிராண்ட் பெயரும் இருந்தது, ஒரு சின்ன கோபுரப் படமும் இருந்தது, மிச்ச இடத்தில் வாசனையின் பெயரை அச்சகத்தார் எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிப் போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "முதல் மழை மண்வாசம்" என்று கொடுத்தால் வேறு என்ன செய்வார்கள்?

வீட்டுக்கு வந்து ஒரு பெட்டியை ஸ்கேல் வைத்து அளந்தேன். மூடி மடிகிற இடத்தில் ஓரம் தள்ளிப்போகும் என்பதால் இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் விட வேண்டும். அப்படியானால் பெயருக்குக் கிடைப்பது 21 மில்லிமீட்டர் அகலம். தமிழ் எழுத்து அகலமானது. மனோரஞ்சிதம் என்பதை எண்ணினால் ஏழு எழுத்துதான், ஆனால் அச்சில் "னோ" மூன்று துண்டாக நிற்கும், "ஞ்" ஒன்றே ஒன்றரை எழுத்து இடம் எடுக்கும். 9 பாயிண்டில் அடித்துப் பார்த்தால் 21 மில்லிமீட்டரைத் தாண்டிப் போகிறது. அதனால் 5 பாயிண்டுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். 5 பாயிண்டில் தமிழுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி ஃபாயிலில் விழவே இல்லை, அல்லது பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டது. ஞ, ணி மாதிரி எழுத்துகளின் உள்வளைவு அடைத்துப்போய் ஒரு பொட்டு மாதிரி ஆகிவிட்டது. "மார்கழி" என்பது "மாரகழி" என்று நின்றது. கடையின் டியூப் லைட்டில் பொன்னிறம் வேறு பளபளத்து, ஒரு கை தூரத்திலிருந்தே வாசிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பெயரையும் நான் நோட்டில் எழுதிப் பார்ப்பதில்லை. 25 மில்லிமீட்டர் சதுரமாகக் காகிதத்தை வெட்டி, வீட்டுப் பிரிண்டரில் பெயரை அதே அளவில் அடித்து, காலிப் பெட்டியின் மூடியில் ஒட்டி, அண்ணாச்சி கடையின் மூன்றாவது தட்டில் வைத்துவிட்டு, கல்லாவுக்கு வெளியே நின்று பார்ப்பேன். கண்ணாடி போடாமல் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வாசித்தால் அந்தப் பெயர் தேறியது. என் அனுபவத்தில் "ம" போன்ற எழுத்தின் உடல் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தால் கடையில் தெரியாது. நீங்களும் எழுத்தை எண்ணாதீர்கள், அகலத்தை அளங்கள். "குற்றாலச் சாரல்" என்பதை இரண்டு வரியாக உடைத்துப் போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் தமிழில் வரிகளை நெருக்கி வைக்க முடியாது. மேல் வரியின் கு, று, து எல்லாம் கீழே இறங்கும், கீழ் வரியின் புள்ளியும் சுழியும் மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒற்றைச் சொல்லே நல்லது.

சரி, எழுத்துச் சிக்கல் மட்டும்தான் என்றால் ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்திருக்கலாம். அந்தச் சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமையும் அண்ணாச்சி கடையில் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் பத்தியை எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனித்தேன். அந்த இரண்டு நாளில் நான் கற்றதை வேறு எங்கும் கற்றிருக்க முடியாது. யாரும் முழுப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "ரெண்டு சந்தனம் குடுங்க", "அந்த மஞ்சப் பெட்டி ஒண்ணு" அவ்வளவுதான். "ரெண்டு பொதிகைமலைத் தென்றல் குடுங்க" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது. வாய்க்கு வராத பெயரைக் கேட்கக் கூச்சப்பட்டு, தெரிந்த பெயரைக் கேட்டு வாங்கிப் போய்விடுகிறார்கள். நம் பத்தியை முகர்ந்து பிடித்திருந்தாலும் அப்படித்தான். இப்போது எந்தப் பெயர் தோன்றினாலும் முதலில் "ரெண்டு" போட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ரெண்டு சாரல் குடுங்க. வாயில் உருள்கிறது. ரெண்டு மார்கழி விடியல் குடுங்க. நின்றுவிடுகிறது.

இன்னொன்று, கடைக்காரர்கள் எனக்குச் சரக்கு சொல்வது ஃபோனில். பஸ் ஸ்டாண்ட் சத்தத்திலிருந்தும் சொல்வார்கள். பழைய பெயர்கள் நீளமாக இருந்ததால் நான் இடையில் "தூறல்" என்று ஒரு சின்னப் பெயரைச் சோதனைக்கு விட்டேன். ஏற்கனவே எல்லோரும் குற்றாலச் சாரலைச் "சாரல்" என்று சுருக்கிவிட்டிருந்தார்கள். அம்பாசமுத்திரத்துக்கு நான்கு டஜன் சாரல் கேட்டவருக்குத் தூறல் போய்ச் சேர்ந்தது. பார்சல் கூலி போக வர 240 ரூபாய், அதோடு அவருடைய கோபம். "தாழை" என்று தாழம்பூவைச் சுருக்கினேன், ஃபோனில் அது "வாழை" என்று கேட்கிறது, வாழைப்பழ வாசனையில் பத்தியா என்று ஒருவர் கேட்டார். ஒரே வரிசையில் வருகிற பெயர்கள் முதல் எழுத்திலும் வேறாக இருக்க வேண்டும், முடிகிற ஓசையிலும் முடிந்தவரை வேறாக இருக்க வேண்டும். மாடியில் வேலை செய்கிற பெண்களும் மூட்டையில் முதல் எழுத்தை மட்டும் சாக்பீஸால் எழுதித்தான் பிரிப்பார்கள். இரண்டு "ம" இருந்தால் அன்றைக்கு ஒரு மூட்டையாவது மாறும். என் பழைய பட்டியலில் மூன்று "ம" இருந்தன.

தாழம்பூவில் எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது, அதாவது தெரிந்தும் யோசிக்காத ஒன்று. சின்ன வயதில் தாழம்பூ மடல் வைத்துச் சடை பின்னிவிட்ட ஞாபகத்தில் அந்தப் பெயரை வைத்தேன். கடையில் ஒரு அம்மா பெட்டியை எடுத்து முகர்ந்து, நல்லாருக்கே என்று சொல்லி, பெயரைக் கேட்டதும் திரும்ப வைத்துவிட்டார். "சிவனுக்குத் தாழம்பூ ஆகாதும்மா" என்றார். பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன பூ என்கிற கதை நம் எல்லோருக்கும் தெரியும். நெல்லையப்பர் கோயில் வாசலில் விற்கிற பத்திக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறேன். அதே பத்தியைப் பெயர் சொல்லாமல் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு பெயர் எந்த ஞாபகத்தை எழுப்பும் என்று நாம் நினைக்கிறோமோ அதை மட்டுமே எழுப்பாது. வாங்குகிறவர் அதை எந்த இடத்தில் ஏற்றப் போகிறார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு மனது உடைந்தது மண்வாசத்தில்தான். ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது அது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட மண்ணை வாலையில் வடித்துச் சந்தனத் தைலத்தில் இறக்கி மண் அத்தர் செய்கிறார்கள். அந்த அத்தர் நம் பத்திக்குக் கட்டுப்படியாகாது. அதே வாசனையைச் செயற்கையாக ஒப்பேற்றிய காம்பவுண்ட் ஒன்றைப் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தேன். புட்டியைத் திறந்து முகர்ந்தால் கோடை முடிந்து முதல் மழை பெய்த மாதிரியே இருக்கும். அதைத்தான் நம்பி "முதல் மழை மண்வாசம்" என்று வைத்தேன். கொளுத்திப் பார்க்கவும் செய்தேன், ஆனால் மாடியில், ஏற்கனவே நூறு வாசனை கலந்து கிடக்கிற இடத்தில். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னது வேறு. ஒருவர் "பீட்ரூட் வேகுற மாதிரி இருக்கு" என்றார். இன்னொருவர் பழைய பீரோ என்றார். பீட்ரூட் என்றதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் விசாரித்தால் அவர் மூக்கு தப்பே செய்யவில்லை. மழை மண்ணின் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்கிற பொருள்தான் பீட்ரூட்டின் மண் வாடைக்கும் காரணம். ஈரத்தையும் குளிர்ச்சியையும் தருகிற லேசான வாசனைகள் நெருப்பில் முதலில் ஓடிவிட, அடியில் இருக்கிற அந்தக் கனத்த மண் வாடை மட்டும் புகையில் நிற்கிறது. மழை என்று பெயர் வைத்துவிட்டு ஈரம் இல்லாத மண்ணைக் கொடுத்திருக்கிறேன். வாங்கியவர்களுக்கு ஏமாந்த மாதிரி இருந்திருக்கிறது.

அந்தக் காம்பவுண்ட் இன்னும் ஒன்பது கிலோ மிச்சம் இருந்தது. கொட்டிவிடவும் மனது வரவில்லை. அப்போதுதான் முறையை மாற்றினேன். பெயரை நான் யோசிக்கக் கூடாது, முகர்கிறவர்களிடமிருந்து வரட்டும் என்று. எங்கள் தெருவிலும் சேரன்மகாதேவியில் அம்மா வீட்டுத் தெருவிலும் 20 வயதிலிருந்து 80 வயது வரை 24 பேரிடம் போனேன். கதவைச் சாத்தி ஒரு பத்தியை ஏற்றி வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். பத்து நிமிடம் கழித்து உள்ளே கூட்டிப் போய், "இது என்ன வாசனை" என்று கேட்காமல், "எந்த இடத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்று கேட்பேன். என்ன வாசனை என்று கேட்டால் எல்லோரும் சந்தனம், மல்லிகை என்று தெரிந்த பெயரைத் தேடுகிறார்கள். எந்த இடம் என்று கேட்டால்தான் ஞாபகத்திலிருந்து பேசுகிறார்கள். சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டேன்.

மண்வாசப் பத்தியை முகர்ந்ததும் சேரன்மகாதேவியில் ஒரு ஆச்சி, எழுபத்தெட்டு வயது, அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏ பிள்ள, இது எங்க அம்மை வீட்டுக் குலுக்கையில்லா" என்றார். குலுக்கை என்றால் நெல் கொட்டி வைக்கிற மண் தொம்பை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன், ஆள் உயரத்துக்கு உறையுறையாக அடுக்கிச் சாணம் மெழுகி வைத்திருப்பார்கள். அடியில் நெல் எடுக்க ஒரு ஓட்டை இருக்கும். சின்னப் பிள்ளைகளை உள்ளே இறக்கிவிட்டு மிச்ச நெல்லை வாரச் சொல்வார்களாம். ஆச்சி அந்த இருட்டையும், கால் பாதத்தில் நெல் குத்தியதையும், மேலே அம்மையின் முகம் வட்டமாகத் தெரிந்ததையும் கால் மணி நேரம் சொன்னார். பிறகு இன்னும் ஆறு பேரிடம் அதே பத்தியை "குலுக்கை" என்று சொல்லி ஏற்றினேன். ஐந்து பேர் ஆமா ஆமா என்றார்கள். ஒருவரும் பீட்ரூட் என்று சொல்லவில்லை. காம்பவுண்ட் அதேதான், ஒரு சொட்டு மாற்றவில்லை. மழை என்றபோது ஈரத்தைத் தேடி ஏமாந்தவர்கள், குலுக்கை என்றதும் காய்ந்த மண்ணையும் நெல்லையும் தேடினார்கள், புகையில் அது இருந்தது. பெயர் மூக்குக்கு முன்னால் போய் ஒரு இடத்தைக் காட்டிவிடுகிறது. அந்த இடத்தில் இல்லாததை வாசனை கொடுக்க முடியாது.

இதற்கும் எல்லை உண்டு. குலுக்கை நான்கே எழுத்து, மூடியில் அழகாக உட்காருகிறது, ஆனால் முப்பது வயதுக்குக் கீழே பாதிப் பேருக்கு அந்தச் சொல் தெரியவில்லை, குலுக்கல் சீட்டா என்று கேட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஆர்டர் கேட்ட கடைக்காரருக்கும் புரியவில்லை. அதனால் நீளப் பக்கத்தில், பெயருக்குக் கீழே "மண்ணும் நெல்லும்" என்று ஒரு சின்ன வரி சேர்த்திருக்கிறேன். பெயர் ஞாபகத்துக்கு, அந்த வரி விளக்கத்துக்கு. விளக்கத்தையும் பெயருக்குள்ளேயே திணிக்கப் போய்த்தான் முதலில் மாட்டிக்கொண்டேன். வெட்டிவேர் கலந்த இன்னொரு பத்திக்கு நான்கு பேர் எங்கள் ஊர் ஆற்றங்கரைக் குறுக்குத்துறையைச் சொன்னார்கள், குளித்துவிட்டு ஈரச் சேலையோடு கல்லில் நிற்கிற மாதிரி என்று ஒருவர் சொன்னார். ஊர்ப் பெயர் போடாமல் "படித்துறை" என்று வைத்தேன். ஆறு இருக்கிற எந்த ஊர்க்காரருக்கும் ஒரு படித்துறை இருக்கும், குறுக்குத்துறை என்று போட்டால் எங்களுக்கு மட்டும்தான். மார்கழி விடியல் "கருக்கல்" ஆனது. மனோரஞ்சிதத்தைச் சுருக்கப் பார்த்தேன், முடியவில்லை. மனோ என்றால் ஆண் பெயர், ரஞ்சிதம் என்றால் பெண் பெயர், பூ காணாமல் போய்விடுகிறது. அந்த ஒன்றை மட்டும் "மனோ" மேலே, "ரஞ்சிதம்" கீழே என்று இரண்டு வரியாக, படம் எதுவும் இல்லாமல், முழுச் சதுரத்தையும் அதற்கே கொடுத்துப் போட்டேன். "மனோ"வில் கீழே இறங்குகிற எழுத்து இல்லை என்பதால் முட்டவில்லை.

பதிவு விஷயத்தில் போன பணத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் பெயர்களைத் திருடிவிடுவார்கள் என்று பயமுறுத்த, ஆறு வாசனைப் பெயர்களுக்கும் தனித்தனியாக வர்த்தகச் சின்னம் கேட்டு விண்ணப்பித்தேன். தனிநபருக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஒன்றுக்கு 4,500 ரூபாய், ஏஜெண்டுக்கு ஒன்றுக்கு 1,500. மொத்தம் 36,000. பொருளின் தன்மையையோ அது வருகிற இடத்தையோ நேராகச் சொல்கிற சொல்லை ஒருவருக்கே உரிமையாகத் தருவதில்லை என்பது சட்டம். மனோரஞ்சிதம் என்பது வாசனையின் பெயரே, குற்றாலம் என்பது ஊர். வரிசையாக ஆட்சேபம் வந்தது. அதற்குள் நானே பெயர்களை மாற்றிவிட்டேன், விண்ணப்பங்களால் எந்தப் பயனும் இல்லை. நம்மைப் போன்ற சிறு ஆட்கள் பிராண்ட் பெயர் ஒன்றைப் பதிவு செய்தால் போதும். ஊதுபத்தி மூன்றாம் வகுப்பில் வரும். வாசனைப் பெயர்களைப் பதிவு செய்யத் தேவையில்லை, ஆனால் அதே வகுப்பில் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று அரசின் இணையதளத்தில் காசில்லாமல் தேடிப் பார்த்துவிட வேண்டும். தமிழ்ப் பெயர்களையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் கொடுத்திருப்பார்கள் என்பதால் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள், SARAL, SAARAL, CHARAL என்று. SARAL என்று தட்டியபோதுதான் இந்தியில் அதற்கு எளிமை என்று அர்த்தம் இருப்பது எனக்கு உறைத்தது. சாரல் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் வாசிக்கிறவருக்கு மழையே தோன்றாது.

சொந்தக்காரர் ஒருவர் பக்தி நூல் ஒன்றின் பெயரை அப்படியே வைக்கச் சொன்னார், கேட்டதும் எல்லோர் மனதிலும் நிற்கும் என்று. அதுவும் வேண்டாம். ஊதுபத்திக்கு "ராமாயண்" என்று வைத்த பெயர் தொடர்பாகவே உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2015-இல், புனித நூலின் பெயரைத் தனியாக ஒருவர் வர்த்தகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பு வந்திருக்கிறது. அது தவிர, பத்தி தீர்ந்ததும் பெட்டி குப்பைக்குத்தான் போகும். சாமி பெயரும் படமும் போட்ட பெட்டியைத் தூக்கிப் போட நம் ஆட்களுக்குக் கை வராது. கோபுரப் படத்தையும் அதனால்தான் எடுத்துவிட்டேன்.

30,000 பெட்டியில் 11,000 எப்படியோ செலவானது. மிச்சம் 19,000 பெட்டி, 49,400 ரூபாய், இன்னும் பரணில் கிடக்கிறது. புதிதாக அடித்தபோது ஆறு டிசைன் வேண்டாம் என்று ஒரே பெட்டியாக அடித்தேன். பிராண்ட் பெயரும் சட்டப்படி போட வேண்டிய விவரங்களும் மட்டும் அதில் இருக்கும். தயாரிப்பாளர் முகவரி, எண்ணிக்கை, விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் போட வேண்டும், தமிழை அதோடு சேர்த்துத்தான் போடலாம் என்பதால் ஒரு பக்கம் முழுக்க அதற்கே போய்விடும், அந்த இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மூடியும் நீளப் பக்கத்தில் ஒரு கட்டமும் வெள்ளையாக விட்டிருக்கிறேன். வாசனைப் பெயரை ஸ்டிக்கராக அடித்து ஒட்டுகிறோம். பெயர் சரிப்படவில்லை என்றால் ஒரு ரோல் ஸ்டிக்கர்தான் நஷ்டம்.

ஸ்டிக்கரிலும் ஒரு அடி வாங்கினேன். கடைகளில் பில் அடிக்கிற மாதிரி சூட்டில் கறுக்கிற தாளில் முதலில் அடித்தோம். பத்தியிலிருக்கிற டிஇபியும் தைலமும் அட்டையில் ஊறி மேலே வர, மூன்று வாரத்தில் எழுத்து மங்கிப் போய்விட்டது. பிறகு ரிப்பன் போட்டு அடிக்கிற மெஷினுக்கு மாறினோம். அதில் மெழுகு ரிப்பன் எண்ணெய்க் கையால் தேய்த்தால் அழிகிறது, ரெசின் ரிப்பன் கொஞ்சம் விலை கூட என்றாலும் நிற்கிறது. மெஷின் 203 டிபிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிதான், தமிழின் சின்னப் புள்ளி சதுரமாக உடைகிறது. 300 டிபிஐ வாங்குங்கள், பன்னிரண்டு புள்ளி கிடைக்கும். ஸ்டிக்கரில் வெள்ளையில் கறுப்பு எழுத்து மட்டும்தான் அடிக்கிறேன், எதிர்மாறாக அடித்தால் புள்ளி அடைத்துக்கொள்கிறது.

இப்போது ஐந்து பெயர்கள் கடையில் ஓடுகின்றன. படித்துறை, கருக்கல், குலுக்கை, மனோரஞ்சிதம், சாரல். தாழம்பூவைப் பெயர் மாற்றாமல் பூஜைக் கடைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், ஃபேன்ஸி கடைகளுக்கு மட்டும் கேட்டால் தருகிறேன். ஆறாவதாகப் புது வைக்கோல் வாசனை தருகிற ஒரு காம்பவுண்ட் வந்திருக்கிறது. கூமரின் சேர்ந்தது, எரித்தாலும் வைக்கோல் வாசனை குறையவில்லை. இதுவரை 15 பேரிடம் ஏற்றிக் காட்டிவிட்டேன். ஐந்து பேர் வைக்கோல் படப்பு என்றார்கள், மூன்று பேர் மாட்டுத் தொழுவம் என்றார்கள், இரண்டு பேர் பத்தமடைப் பாய் என்றார்கள், மற்றவர்கள் சொன்னது ஒன்றோடொன்று ஒட்டவில்லை. படப்பு என்று சதுரம் வெட்டி அண்ணாச்சி கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.